கல்லாவில் காணாமல் போன 120 ரூபாய்



போன மாதம் ஒரு நாள் காலை நடைப்பயிற்சி முடிந்து திரும்பும்போது, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவனின் டீக்கடையில் உட்கார்ந்தேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் வேணாம் சார்" என்றான். சரி, பெயர் வேண்டாம்.

அன்றைக்குக் கடையில் அவன் மட்டும்தான் இருந்தான். டீ போடுவதும் அவனே, காசு வாங்குவதும் அவனே. கல்லாவில் உட்காரும் பையனைக் காணோம். எங்கே என்று கேட்டேன். "நிறுத்திட்டேன் சார். கை சரியில்லை" என்றான். பத்தொன்பது வயதுப் பையன், அம்மாவை வைத்துக் காப்பாற்றுகிறவன். எனக்கு மனசு கேட்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கணக்குப் போட்டுப் பார்த்தேன் சார், தினம் 120 ரூபா இடிக்குது" என்றான்.

கணக்கு என்று சொன்ன பிறகு நான் எழுந்து போக முடியுமா?

அவன் சொன்னது இது. முன்பு ஒரு டீ 12 ரூபாய், ஒரு நாளைக்கு 200 டீ. கல்லாவில் 2400 ரூபாய். பால் விலை ஏறியதும் டீயை 15 ரூபாய் ஆக்கினான். அதாவது 25 சதவீதம் ஏற்றம். வியாபாரம் கொஞ்சம் படுத்தது. முன்பு 10 லிட்டர் பால் செலவாகும், இப்போது 8 லிட்டர்தான். அப்படியானால் 20 சதவீதம் குறைவு. "25 ஏறுச்சு, 20 இறங்குச்சு. மிச்சம் 5 சதவீதம் கூட வரணுமில்ல சார்? 2400க்கு 5 சதவீதம் 120. ஒரு மாசமாப் பாக்குறேன், அதே 2400தான் இருக்கு. அந்த 120 எங்க போச்சு?"

அந்த 120 எங்கேயும் போகவில்லை. அது வரவே இல்லை.

அவனுடைய கணக்கு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். 10 லிட்டருக்கு 200 டீ என்றால் 8 லிட்டருக்கு 160 டீ. 160 டீயை 15 ரூபாய்க்கு விற்றால் எவ்வளவு? 2400. அவனே பெருக்கினான். இரண்டாம் முறையும் பெருக்கினான். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப 25லேருந்து 20 போனா 5 இல்லையா சார்?" இதை அவன் மட்டும் கேட்பதில்லை. பட்டம் படித்தவர்களும் இப்படித்தான் கழிக்கிறார்கள். எங்கே தவறுகிறது என்று பாருங்கள். விலையேற்றத்தால் ஒரு டீக்கு 3 ரூபாய் கூடுதல். அந்த 3 ரூபாயை யார் தருகிறார்கள்? கடைக்கு வருகிறவர்கள் மட்டும்தான் தருவார்கள். 160 டீக்கு மும்மூன்று ரூபாய், 480. போனது 40 டீ. அவை பழைய விலையில் தந்துகொண்டிருந்தது ஒவ்வொன்றுக்கும் 12 ரூபாய், அதுவும் 480. வரவும் இழப்பும் சமம், அதனால் கல்லா அசையவில்லை.

25இலிருந்து 20ஐக் கழிக்கிறவர், இல்லாத அந்த 40 டீக்கும் 3 ரூபாய் கூடுதலாக வந்துவிட்டது என்று மனத்தில் எண்ணிக்கொள்கிறார். 40 டீக்கு மும்மூன்று ரூபாய் என்றால் எவ்வளவு? 120. பையன் மேல் விழுந்த பழி சரியாக இந்த 120தான்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது சூத்திரமாகத் தெரிந்திருக்கும். விலை p சதவீதம் ஏறி, வாங்கும் அளவு q சதவீதம் குறைந்தால், மொத்தச் செலவின் மாற்றம்

p − q − (p × q ÷ 100)

இங்கே 25 − 20 − 5 = 0. அந்தக் கடைசி 5தான் வராத 40 டீயின் கூடுதல் காசு. விடை கழித்தல் குறியோடு வந்தால் செலவு குறைந்தது என்று பொருள். 20 ஏறி 20 குறைந்தால் பூஜ்யம் இல்லை, 4 சதவீதம் குறைவு.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவனுக்கு இந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான். எழுதிக்கொள், மனப்பாடம் செய், நாளைக்கு ஒப்பி. அவனும் ஒப்பித்திருப்பான். இருபது வருஷம் கழித்துக் கடை வைத்தபோது சூத்திரம் மறந்துவிட்டது, கழித்தல் மட்டும் நினைவில் நின்றது. கூடுதல் காசை யார் தருகிறார்கள் என்று அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டு, ஒரு டீக்கடைக் கணக்குப் போட்டிருந்தால் சூத்திரமே தேவைப்பட்டிருக்காது. அதனால் இப்போது பாடம் நடத்துகிற என் பழைய மாணவர்களிடம் சொல்கிறேன்: சதவீதத்தில் சூத்திரத்தைக் கடைசியில் கொடுங்கள். முதலில் பழைய விலை, பழைய அளவு, புதிய விலை, புதிய அளவு என்று நான்கு எண்களை எழுதிப் பெருக்கச் சொல்லுங்கள். பயிற்சிப் புத்தகங்கள் நேர்மாறாகச் செய்கின்றன. குறுக்கு வழியைப் பெட்டி கட்டி மேலே போட்டுவிட்டு, காரணத்தை விட்டுவிடுகிறார்கள்.

சிறிய சதவீதங்களுக்கு வெறும் கழித்தல் பெரிய கேடு செய்யாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2 ஏறி 1 குறைந்தால், கழித்தால் 1, உண்மையில் 0.98. யாரும் சண்டை போட மாட்டார்கள். எண்கள் பெருகப் பெருகத்தான் வேறுபாடு கடிக்கும். 50 ஏறி 40 குறைந்தால், கழித்தவர் 10 சதவீதம் கூடும் என்பார். நடப்பதோ 10 சதவீதம் குறைவு. திசையே மாறிவிடுகிறது.

இன்னொரு சந்தேகமும் அவனுக்கு வந்தது. "அப்ப விலை ஏத்தி ஒண்ணும் லாபம் இல்லையா சார்?" அப்படிச் சொல்ல முடியாது. வாடிக்கையாளர்கள் செலவழித்த மொத்தம் மாறவில்லை, அவ்வளவுதான். லாபம் வேறு கணக்கு. பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு டீக்கு அடக்கம் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு 200 டீக்கு நாலு ரூபாய் வீதம் 800 மிச்சம். அடக்கம் 8 ஆகவே இருந்திருந்தால், இப்போது 160 டீக்கு ஏழு ரூபாய் வீதம் 1120. ஆனால் அடக்கம் 10க்கு ஏறியிருந்தால் ஐந்து ரூபாய் வீதம் மறுபடியும் 800தான். தன் அடக்கம் என்ன என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு வாரம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அவன் பையன் வீட்டுக்குப் போயிருக்கிறான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் போனபோது பையன் கல்லாவில் இருந்தான். எனக்கு வணக்கம் சொன்னான், முதலாளி முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அது சரியாகக் கொஞ்ச நாள் ஆகும்.

வழக்கம்போல வீட்டுப்பாடம்: ஒரு தோசை 50 ரூபாய், நாளைக்கு 90 விற்றது. விலையை 60 ஆக்கியதும் 78 ஆனது. கல்லாவில் எத்தனை சதவீதம் மாற்றம்? சூத்திரம் போடாமல், யார் கூடுதல் தந்தார்கள், யார் போனார்கள் என்று எழுதி விடை சொல்லுங்கள். ஆறரை, ஏழு சதவீதம் என்று எழுதுகிறவர்கள் மேலே போய் இன்னொரு முறை படித்துவிட்டு வரவும்.