ஓர் எழுத்து போனால் செய்தியே போச்சு!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காக வெளி மாநிலம் போயிருக்கிறார்கள். ஊரிலிருந்து அவர்களுக்குக் கைபேசியில் செய்தி வருகிறது. தமிழும் இங்கிலீஷும் கலந்த செய்தி!

ஒரு தகப்பனார் மகனுக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"கண்மாய் உடைஞ்சிடுச்சாம். உளுந்து வேஸ்ட் ஆயிருக்கும். சார் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

மகன் லீவு கேட்க வேண்டும். அவனுடைய மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவன் அவசரமாக ஆங்கிலமாக்குகிறான்: "டேங்க் ப்ரோக். பிளாக் கிராம் வேஸ்ட். சார், தே கேம் அண்ட் வென்ட்."

இது சரியா? சரியில்லை. மூன்று இடத்தில் பொருள் கெட்டுவிட்டது.

முதலில், "உடைஞ்சிடுச்சாம்" என்பதைப் பாருங்கள். கடைசியில் உள்ள "ஆம்" என்ன சொல்கிறது? "நான் பார்க்கவில்லை, பிறர் சொன்னார்கள்" என்கிறது. மகன் அதை விட்டுவிட்டான். கேள்விப்பட்ட பேச்சு, கண்ணால் கண்ட உண்மை ஆகிவிட்டது! மறுநாள், "கண்மாய் உடையவில்லை, மடையைத்தான் திறந்தார்கள்" என்று தெரிந்தால், பொய்யன் என்ற பெயர் மகனுக்குத்தான். "தே சே" என்று இரண்டு சொல் முன்னால் போட்டிருந்தால் போதும்.

"டேங்க்" என்றால் வெளிநாட்டார் மொட்டைமாடித் தொட்டி என்று நினைக்கலாம். "இரிகேஷன் டேங்க்" என்றால் கண்மாய் என்பது விளங்கும்.

அடுத்தது, "ஆயிருக்கும்". இது தகப்பனாரின் ஊகம். அவர் இன்னும் வயலைப் பார்க்கவில்லை. ஆகவே "ப்ராபப்ளி ருயின்ட்" என்பதே பொருத்தம். "வேஸ்ட்" என்ற சொல் இங்கிலீஷ்தான். ஆனால் அது நம் ஊரில் "பாழ்" என்ற பொருளில் வழங்குகிறது. இங்கிலீஷ் சொல்லாயிற்றே என்று அப்படியே தூக்கி வைக்கக் கூடாது.

மூன்றாவது, "சார்". வந்தவர் ஒருவர்தான். மரியாதைக்காக "போயிட்டாங்க" என்கிறார் தகப்பனார். "தே" என்று போட்டதால் ஒருவர் பலராகிவிட்டார்! மேலதிகாரியோ, "சார் என்று என்னைத்தான் கூப்பிடுகிறான்" என்று நினைப்பார். அந்த "சார்" கிராம நிர்வாக அலுவலரா, வேளாண்மை அதிகாரியா? வரியில் அது இல்லை. எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு பதவியைப் போடுவது தவறு.

கேட்டதில் வேளாண்மை அதிகாரி என்று தெரிந்தால், செய்தி இப்படி ஆகும்: "தே சே தி இரிகேஷன் டேங்க் ஹாஸ் ப்ரீச்ட். தி பிளாக் கிராம் இஸ் ப்ராபப்ளி ருயின்ட். தி அக்ரிகல்சுரல் ஆபீசர் கேம், ஹாட் எ லுக் அண்ட் லெஃப்ட்."

சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூல வரியைப் பார்க்காத ஒருவரிடம் இந்த ஆங்கிலத்தைக் கொடுத்து, தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "உடைந்ததாம்" என்று அவர் சொன்னால் செய்தி பிழைத்தது. "உடைந்தது" என்றால், திருத்திய பிறகே அனுப்ப வேண்டும்.