உரமேறிய பாதமும் உரமேறாத கணுக்காலும்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்து வயல்வெளிகளில் தலைமுறைகளாக வழங்கிவரும் நம்பிக்கை ஒன்று உண்டு. மண்ணில் உழைத்து உரமேறிய காலுக்குக் காலணி தேவையில்லை, தேவைப்பட்டாலும் வீட்டு வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பே போதும் என்பது அது. அரைநூற்றாண்டு வெறுங்காலோடு வரப்பில் நடந்தும் ஒன்றும் ஆகாத பெரியவர் ஒருவரை ஊருக்கு ஊர் சான்றாகக் காட்டுவார்கள். நடக்க முடியாமற்போனவர்களும் இறந்துபோனவர்களும் சான்று சொல்ல வருவதில்லை என்பதை மட்டும் எவரும் கணக்கில் கொள்வதில்லை. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். உண்மையான அந்தப் பாதி பாதத்தின் அடிப்பகுதியைப் பற்றியது. அந்திநேர வரப்பில் உயிரெடுக்கும் ஆபத்தோ பெரும்பாலும் பாதத்தின் மேற்புறத்துக்கும் விரலிடுக்குக்கும் கணுக்காலுக்கும் வருவது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. வெறுங்காலோடு நடப்பவரின் உள்ளங்காலில் தோல் தடித்துக் காய்த்துப்போகிறது. இதைக் காய்ப்பு என்பார்கள். கென்யாவில் வெறுங்காலோடும் காலணியோடும் நடப்பவர்களை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, காய்ப்பு தடித்தாலும் தரையை உணரும் திறன் குறைவதில்லை என்று காட்டியது. ஆகவே வெறுங்கால்காரர் தரையை நன்றாக அறிந்து நடக்கிறார் என்ற பெருமை பொய்யன்று. நெருஞ்சி முள்ளும் சரளைக் கல்லும் அவரை அதிகம் வருத்துவதில்லை என்பதும் மெய்யே.

ஆனால் அந்தக் காய்ப்பும் எல்லா முள்ளையும் தடுத்துவிடுவதில்லை. அதற்கான சான்று தமிழ்நாட்டின் ஊர்ப்பெயர் ஒன்றைத் தாங்கி உலக மருத்துவ நூல்களில் நிற்கிறது. 1842-இல் மதுரையில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர் பாதம் பருத்துச் சிதைந்து சீழ்ப்புழைகள் விழும் நோய் ஒன்றை விவரித்தார். பின்னர் அது ‘மதுரைக் கால்’ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. மண்ணில் வாழும் பூஞ்சைகளோ சிலவகைப் பாக்டீரியாக்களோ முள் குத்திய சிறு துளை வழியாகத் தோலுக்கு அடியில் குடியேறி, வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, எலும்புவரை அரித்துவிடுவதே இந்நோய். வலி இல்லாததால் நோயாளி காலம் கடந்தே மருத்துவரிடம் போகிறார். பலருக்குப் பாதத்தையே அகற்ற நேர்ந்திருக்கிறது. இந்நோய்க்கு ஆளாகிறவர்களில் மிகப்பலர், எந்தக் கால் உரமேறியது என்று போற்றப்படுகிறதோ அதே காலையுடைய வெறுங்கால் உழவர்களே.

முள்ளைவிடக் கொடியது அந்தி. தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பகுதிகளுக்கு மேற்கே மலை நிற்பதால் கதிரவன் தொடுவானத்தில் அல்லாமல் மலைமுகட்டுக்குப் பின்னால், நேரத்தோடே மறைந்துவிடுகிறான். விளக்கு வேண்டியதில்லை என்று தோன்றும் அளவுக்கு வெளிச்சமும், வரப்பில் கிடப்பது கயிறா பாம்பா என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு மங்கலும் ஒருங்கே நிலவும் பொழுது இங்கே நீண்டது. சாரல் பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் மேகமும் சேர்ந்துகொள்கிறது. அதே மாதங்களில்தான் சிற்றாற்றுப் பாசனத்தில் கார் சாகுபடி நடக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தாழ்ந்த வளைகளிலிருந்து எலிகள் வரப்புக்கு ஏறுகின்றன. எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வருகிறது. மடை திறக்கவும் மோட்டார் போடவும் மனிதர் வருகிறார். மூவரும் சந்திக்கும் இடம் ஓரடி அகல வரப்பு.

அந்தச் சந்திப்பில் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். கண்ணாடி விரியன் அந்திக்குப் பின்னரே சுறுசுறுப்பாகும் பாம்பு. மனிதர் வருவது தெரிந்தாலும் பல வேளைகளில் ஓடாமல், நிறத்தை நம்பி அசையாது கிடக்கும். மண்வெட்டியைத் தோளில் வைத்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி வருகிறவர் அதன் உடல்மீதோ அருகிலோ மிதிக்கிறார். மிதிபட்ட பாம்பு தலையைத் திருப்பிக் கடிக்கிறது. தரையோடு கிடக்கும் உடலிலிருந்து திரும்பும் தலைக்கு மிக அருகில் எட்டுவது பாதத்தின் மேற்புறமும் கணுக்காலும்தான். அங்கே காய்ப்பு இல்லை; மெல்லிய தோலும் அதற்கு அடியில் நரம்பும் எலும்புமே உள்ளன. அதன் நச்சுப்பல் ஒன்றரைச் சென்டிமீட்டர்வரை நீளக்கூடியது. ஏறிய நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்து, பலருக்குச் சிறுநீரகத்தையும் பழுதாக்குகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக ஐம்பத்தெட்டாயிரம் பேர் இறந்ததாக 2020-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது; கார்ப் பருவத்தோடு ஒத்துப்போகும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களிலேயே அச்சாவுகள் மிகுதி. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

இனி, ‘ரப்பர் செருப்பு போதும்’ என்ற பிற்பாதியின் அபத்தம் வெளிப்படை. அந்தச் செருப்பு மூடுவது ஏற்கெனவே காய்த்துத் தடித்த உள்ளங்காலை. திறந்துவிடுவது பாம்பு கடிக்கும் மேற்பாதத்தை. எது ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறதோ அதற்கு இன்னொரு காப்பும், எது முற்றிலும் திறந்து கிடக்கிறதோ அதற்கு இரண்டு வார்களும் தருகிற ஏற்பாடு அது. முள்ளுக்கும் அது சரியான தடையில்லை. சீமைக்கருவேல முள்ளும், புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களில் கவாத்து செய்து போட்ட கிளைகளின் முள்ளும் பஞ்சுபோன்ற அடியை எளிதில் துளைக்கின்றன. துளைத்த முள் செருப்பில் தைத்தபடியே நின்று, ஒவ்வொரு அடிக்கும் அதே இடத்தில் மீண்டும் குத்துவதை அனுபவித்தவர் பலர்.

மலையடிவாரத்தில் மூடிய காலணி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குற்றாலத்தைச் சூழ்ந்த தோப்புகளிலும் செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள தோட்டங்களிலும் சருகுக்குள் கிடப்பது, மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய சிறு குழிவிரியன். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி இருப்பதால் இவ்வினத்துக்குக் குழிவிரியன் என்று பெயர். ஒன்றரை அடியைத் தாண்டுவதே அரிது. சருகின் நிறமே அதன் நிறம். இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுவது. இந்தக் குழிவிரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. ஆகவே ‘கடித்தால் ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது’ என்ற ஆறுதல் மலையோரத்தில் முழுமையாகச் செல்லாது. அதே வேளையில், இவ்வளவு சிறிய பாம்பு எட்டும் உயரமும் சிறியது. கணுக்காலை மூடும் காலணி இங்கே ஏறக்குறைய முழுக் காப்பு.

காப்பு என்பதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். பல் துளைக்கவே துளைக்காத காலணிதான் காலணி, மற்றதெல்லாம் வீண் என்று நினைப்பது தவறு. அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வொன்றில், உப்புநீர் நிரப்பிய கையுறைகளைக் கிலுகிலுப்பைப் பாம்புகளுக்குக் கடிக்கக் கொடுத்தபோது, மேலே ஜீன்ஸ் துணி போர்த்திய கையுறைகளில் இறங்கிய நஞ்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பல் துணியில் தடுமாற, நஞ்சின் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிட்டது. வெறும் துணி இவ்வளவு செய்யுமானால் தடித்த தோலோ கம்பூட்ஸின் பி.வி.சி.யோ அதைவிட அதிகம் செய்யும் என்று எதிர்பார்ப்பதில் மிகையில்லை. இதில் பொருளின் தடிமன் மட்டும் கணக்கில்லை. காலணிக்கும் தோலுக்கும் இடையேயுள்ள இடைவெளியும் கணக்கு. சற்றுத் தளர்வான பூட்ஸும் தடித்த காலுறையும் சேர்ந்தால், உள்ளே வந்த பல்லும் தசைக்கு எட்டாமற்போக வாய்ப்புண்டு. இறுகப் பிடிக்கும் மெல்லிய கேன்வாஸ் ஷூவில் அந்த இடைவெளி கிடையாது. வாங்குமுன் கோணி ஊசியை மேற்பகுதியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது முரட்டுச் சோதனைதான், என்றாலும் எளிதாக உள்ளே போகும் பொருளை ஒதுக்கிவிட அது போதும்.

உயரத்தில் கணுக்கால் எலும்பை முழுதும் மூடி மேலும் நாலு விரல் ஏறுவது குறைந்த அளவு; கண்ணாடி விரியன் மிகுந்த நெல்வயலுக்குக் கெண்டைக்காலின் பாதிவரை ஏறும் கம்பூட்ஸ் மேலும் நல்லது. முள் மிகுந்த தோட்டத்துக்கு அடித்தட்டில் எஃகுத் தகடு வைத்த தொழிற்சாலைக் காலணி ஏற்றது; ஐ.எஸ். 15298 என்ற தரக்குறியோடு விற்கப்படும் இவற்றில் எல்லாவற்றுக்கும் தகடு இருப்பதில்லை என்பதால் கேட்டு வாங்க வேண்டும். கால்சட்டையைப் பூட்ஸுக்குள் திணிப்பதைவிட வெளியே தளர்வாக விடுவது பாம்புக்கு நல்லது. அட்டைக்கும் உண்ணிக்கும் திணிப்பதே நல்லது. இரண்டும் ஒருங்கே கிடைக்காது. வரப்புக்கு ஒன்று, மலைத்தோப்புக்கு ஒன்று.

சேற்றில் பூட்ஸ் நடக்காது என்ற மறுப்பு நியாயமானதே. நடவு வயலில் சேறு பூட்ஸைப் பிடித்து இழுக்கும், மேல்வாய் வழியே தண்ணீர் நிறையும். அங்கே வெறுங்காலே சரி. ஆனால் விவாதம் வயலைப் பற்றியதன்று, வயலுக்குப் போகும் வழியைப் பற்றியது. வரப்பில் கழற்றி, நட்ட குச்சியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் திரும்பும்போது அணியலாம். அணியுமுன் உதற வேண்டும், ஏனெனில் தேளுக்கும் பூரானுக்கும் இருண்ட பூட்ஸ் பிடித்தமான வளை. காலணி தடுக்காதவையும் உண்டு: கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் தரையில் உறங்குபவரைக் கடிப்பது, அதற்குக் கட்டிலும் கொசுவலையுமே காப்பு, புல் அறுக்கும் கைக்குப் பூட்ஸால் பயனில்லை, டார்ச் இல்லாத பூட்ஸ் பாதிக் காப்பே.

வயல் தெய்வம், அதைச் செருப்போடு மிதிக்கலாகாது என்று சொல்பவர்களின் பக்தியைக் குறைகூற வேண்டியதில்லை. விளைநிலத்துக்குள் கழற்றிவிடுவது பக்திக்கும் பொருந்தும், சேற்றுக்கும் பொருந்தும். ஆனால் வெறுங்காலைப் பெருமையாகப் பேசுகிறபோது அதன் வரலாற்றையும் சேர்த்துப் பேச வேண்டும். ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கத் தாழ்த்தப்பட்டோர் தடுக்கப்பட்ட ஊர்கள் தமிழகத்தில் பல; வயல்வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்களும் அவர்களே. மறுக்கப்பட்ட ஒன்றை வேண்டாததாகச் சித்திரிப்பது, மறுத்தவர்களுக்கே வசதியான கதை.

இன்றைய தடை வேறு இடத்தில் இருக்கிறது. அரசு மானியத்தில் தரும் பண்ணைக் கருவித் தொகுப்பில் மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, இரும்புச் சட்டி, கதிர் அரிவாள் ஆகியவை உள்ளன, எல்லாம் கைக்கானவை. கடைகளில் கிடைக்கும் கம்பூட்ஸும் பெரும்பாலும் ஆண்களின் அளவில் வருவதால், களையெடுத்துவிட்டு அந்தியில் வரப்பேறித் திரும்பும் பெண்களின் காலுக்கு அது பொருந்துவதில்லை. பொருந்தாத பூட்ஸ் நாலாம் நாளே வீட்டுப் பரணுக்குப் போய்விடுகிறது. அத்தொகுப்பில் பெண்களின் அளவிலும் ஒரு ஜோடி கம்பூட்ஸைச் சேர்ப்பது பெரும் செலவு பிடிக்கும் காரியமன்று.