சோப்புக்கு அடங்காத வெள்ளை



சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதுவீட்டுக்குக் குடிபோனபோது வாங்கிய கண்ணாடி டம்ளர்கள், மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்தது மாதிரி மங்கிவிட்டனவாம். எவர்சில்வர் டம்ளர்களிலும் அதே வெள்ளைப் பூச்சு. சோப்பை மாற்றிப் பார்த்தாயிற்று, கம்பி நார் போட்டும் தேய்த்தாயிற்று. ஈரம் இருக்கிற வரை பளிச்சென்று இருக்கிறது, காய்ந்ததும் பழைய கதைதான். எந்த சோப்பு வாங்கலாம் என்று கேட்கிறார்.

எந்த சோப்பும் வேண்டாம். அவர் வீட்டில் போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம், டம்ளரில் ஒட்டிய ஈரம் காயும்போது சுண்ணாம்பாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த 600-ஐயே வைத்துக் கணக்குப் போடுங்கள். கழுவிய டம்ளரில் அரை மில்லி தண்ணீர் ஒட்டிக் காய்ந்தால் 0.3 மில்லிகிராம் மிஞ்சும். தினம் ஒரு தடவை என்றாலும் வருஷத்துக்கு 100 மில்லிகிராமுக்கு மேல். சோப்பு எண்ணெயை எடுக்கும், சுண்ணாம்பைக் கரைக்காது. அதற்குப் புளிப்புதான் வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. மங்கிய இடத்தில் இரண்டு சொட்டு வெள்ளை வினிகர் விட்டு, ஐந்து நிமிஷம் கழித்து அலம்பித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் தெளிந்து வட்டமாகத் தெரிந்தால் அது உப்புப் படலம், போய்விடும். ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் பட்டால் கீறல் விழுந்த கண்ணாடிகூடத் தெளிவாகத்தான் தெரியும்.

படலம்தான் என்று தெரிந்ததும், டம்ளர்களை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டு ஒருமுறை கழுவிவிடுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் வினிகர் வேலை செய்யவில்லை என்பார்கள். மேலே பாலின் கொழுப்போ எண்ணெய்ப் பசையோ இருந்தால் புளிப்பு அடியில் இருக்கும் சுண்ணாம்பைத் தொடாது. பிறகு ஒரு பிளாஸ்டிக் பேசினில் வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து, உள்ளும் வெளியும் மூழ்கும்படி இருபது நிமிஷம் போட்டு வையுங்கள். வினிகர் வாசனை பிடிக்காதவர்கள் மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட்டை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் கரைத்துக்கொள்ளலாம். அடிப்பள்ளத்தையும் விளிம்பையும் பழைய பல் துலக்கும் பிரஷால் லேசாகத் தேய்த்து, அலம்பி, உடனே துணியால் துடையுங்கள். தங்க ரேக்கு போட்ட கண்ணாடியை மட்டும் ஊறப்போட வேண்டாம்.

எவர்சில்வருக்கும் இதே வைத்தியம்தான். கல்யாணச் சீராக வந்த டம்ளர்களில் பெயர் வெட்டியிருப்பார்களே, அந்தப் புள்ளிக் குழிகளில்தான் வெள்ளை அதிகம் அடைந்திருக்கும். பிரஷ் அங்கே போகட்டும். ஆனால் புளிப்போடு கல் உப்பைச் சேர்த்து ஊறவைக்கும் பழக்கம் பித்தளையோடு நிற்கட்டும். உப்பும் புளிப்புமாக ராத்திரி முழுக்கக் கிடந்தால் எவர்சில்வரில் பொடிப்பொடியாகக் குழி விழும், அதற்கு மருந்து கிடையாது.

வினிகரில் சமையல் சோடாவைக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் நிறைய. நுரை அழகுதான், ஆனால் ஒன்றின் காரத்தை மற்றதன் புளிப்பு தின்றுவிட, மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். பிளீச்சிங் கலந்த எதையும் வினிகருக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு.

நம் சேலத்து வாசகியின் டம்ளர்களில் பாதி தெளியும், பாதி தெளியாது என்று நினைக்கிறேன். கம்பி நார் போட்டதாகச் சொல்கிறாரே, அந்தக் கீறல்களுக்கு வினிகர் ஒன்றும் செய்யாது. சொட்டு விட்ட இடமும் விடாத இடமும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால், இன்னொரு முறை ஊறப்போட்டுப் பார்க்கலாம். அப்போதும் அப்படியே இருந்தால் விட்டுவிடலாம். தெளிந்தவற்றைக் காப்பாற்ற, கடைசி அலம்பலுக்கு மட்டும் ஃபில்டர் தண்ணீர் ஒரு சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாத வீட்டில், கழுவிய டம்ளரை ஈரத்தோடு கவிழ்க்காமல் பழைய வேட்டித் துணியால் துடைத்து வைத்தாலே போதும். தண்ணீர் டம்ளரில் காயாமல் துணியில் காயட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்