புரியவில்லை என்று சொல்லும் காதுகளை நாம் ஏன் அஞ்சுகிறோம்?

 

உம்ராப் பயணம் புறப்படுவோருக்கான வழிகாட்டி ஒலிப்பதிவுகள் இன்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் வெளிவருகின்றன. ஆலிம் ஒருவர் உரையை எழுதுகிறார். மற்றோர் ஆலிம் அதை வாசித்து, சட்டங்கள் சரி என்கிறார். அன்றே பதிவு செய்யப்பட்டு நூற்றுக்கணக்கான கைபேசிகளுக்குப் போய்ச் சேர்கிறது. இந்த வழக்கத்தில் ஒரே ஒருவரை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவர் யாருக்காக அந்த உரை எழுதப்பட்டதோ, அவர்தான்.

இது அலட்சியம் என்பது நமது குற்றச்சாட்டு. அந்தக் குற்றத்தை நாமும் செய்தவர்கள் என்பதால் தயங்காமல் சொல்கிறோம்.

நாம் எழுதிய உம்ரா உரை பதினோரு நிமிடம் ஓடக்கூடியது. இரண்டு ஆலிம்கள் பார்வையிட்டு, பிழையில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. சட்டத்தில் பிழையில்லை. ஆயினும் உரையை முன்பு கண்டிராத, உம்ராவுக்கும் சென்றிராத ஒருவரிடம் வாசித்துக் காட்டிய பிறகே, பிழை எங்கே இருந்தது என்பது தெரிந்தது.

அவர் எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் பாய். தாளை அவர் கையில் கொடுக்கவில்லை. தாளை வைத்திருப்பவர் புரியாத வரிக்குக் கண்ணைத் திருப்பி மறுபடி வாசித்துக்கொள்வார். செவியால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, பதிவில் எந்த வேகத்தில் பேசுவோமோ அதே வேகத்தில், ஒரே ஒரு முறை வாசித்தோம். பின்னர் மதரசா முற்றத்தின் நடுவே ஒரு முக்காலியை வைத்து, அதன் ஒரு காலில் துணி கட்டி, “இது கஅபா, இந்த மூலைதான் ஹஜருல் அஸ்வத். கேட்டபடி தவாஃப் செய்து காட்டுங்கள்” என்றோம்.

அவர் முக்காலியை நேர்நோக்கி நின்றார். பிறகு தம் இடக்கைப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். முக்காலி அவருடைய வலத்தோளுக்கு நேராக வந்தது. தவாஃப் முழுவதும் தலைகீழாக நடந்தது.

நமது உரையில் இருந்த வாசகம் இது: “கஅபாவின் இடப்புறமாகச் சுற்ற வேண்டும்.” கஅபா நமக்கு இடப்பக்கம் இருக்கவேண்டும் என்பதையே நாம் எண்ணி எழுதினோம். அறிந்தவர்களான இரு ஆலிம்களும் அவ்வாறே வாசித்தார்கள். அறியாதவர் காதிலோ, “கஅபாவைப் பார்த்து நின்று இடப்பக்கம் போ” என்று விழுந்தது. தமிழில் அந்த வாக்கியத்திற்கு இரு பொருளும் உண்டு. குறை அவருடையதன்று.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறோம். “அப்படியல்ல பாய், இப்படி” என்று உடனே விளக்கத் தொடங்கிவிடுகிறோம். நமது நாவும் துடித்தது. ஆனால், விளக்கிவிட்டால் அவர் ஒருவருக்குப் புரிந்துவிடும்; உரை அப்படியே இருக்கும். ஒலிப்பதிவைக் கேட்கும் மற்றவர்களுக்கு அருகில் நின்று விளக்க நாம் போகப்போவதில்லையே! எனவே வாயை மூடிக்கொண்டு, தாளின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் இட்டோம். அன்றைய வேலை முடிந்த பின்னரே அவருக்குச் சரியான முறையைச் சொன்னோம்.

அந்த வாசகம் பின்னர் இவ்வாறு மாறியது: “ஹஜருல் அஸ்வத் மூலையை நேராகப் பார்த்து நில்லுங்கள். அங்கிருந்து உங்கள் வலப்பக்கம் திரும்புங்கள். இப்போது கஅபா உங்கள் இடத்தோளின் பக்கம் இருக்கும். நடக்கத் தொடங்குங்கள்.” வாக்கியம் ஒன்று நான்காயிற்று. இலக்கிய அழகு குறைந்தது. ஆனால், அடுத்துக் கேட்டவர் திசை தவறவில்லை.

ஸஃயில் இதனினும் பெரிய தடுமாற்றம். பாய் முற்றத்தின் இரு தூண்களை ஸஃபா, மர்வாவாகக் கொண்டு நடந்தார். ஸஃபாவிலிருந்து மர்வாவுக்குப் போய், மீண்டும் ஸஃபாவுக்கு வந்து, “ஒன்று” என்றார். அவ்வாறே ஏழு எண்ணினால் உண்மையில் பதினான்கு ஆகும். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டிய முதியவர் ஆறு கிலோமீட்டர் நடப்பார். முடிவில் மர்வாவில் நிற்க வேண்டியவர் ஸஃபாவில் நிற்பார்.

“எந்த இடத்தில் குழம்பியது?” என்று கேட்டோம். “ஸஃயு வந்தபோதுதான் ஹஜ்ரத். கொஞ்சம் மெதுவாக வாசித்தால் சரியாகிவிடும்” என்றார். குழப்பம் தோன்றிய இடத்தை அவர் சரியாகவே சொன்னார். ஆனால், அவர் சொன்ன மருந்து சரியன்று. மெதுவாக வாசித்திருந்தாலும் அவர் பதினான்குதான் நடந்திருப்பார். காரணம், குழப்பத்தின் வேர் ஸஃயில் இல்லை. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு தவாஃபில் இருந்தது. அங்கே, “தொடங்கிய இடத்திற்கே திரும்பி வருவது ஒரு சுற்று” என்று கற்பித்திருந்தோம். பிறகு ஸஃயிலும் “ஏழு சுற்று” என்றோம். நாம் கற்பித்த பொருளை அவர் நேர்மையாகப் பின்பற்றினார்.

ஆகவே, கேட்பவரின் குழப்பத்தைச் சாட்சியமாக ஏற்க வேண்டும். அவர் கூறும் தீர்வைத் தீர்ப்பாக ஏற்க வேண்டியதில்லை. அவர் தடுமாறிய வரியிலிருந்து பின்னோக்கிச் சென்று, அந்தச் சொல்லை நாம் முதலில் எங்கே, எப்பொருளில் கொடுத்தோம் என்று தேட வேண்டும்.

முதல் திருத்தமும் தோற்றது. “மூன்றரை முறை போய் வருதல்” என்று மாற்றினோம். கணக்கு சரியே. ஆனால், புதிதாகக் கேட்ட மாணவரின் தந்தை அந்த அரையை மனத்தில் கணக்கிடத் தொடங்கினார். அதற்குள், இரு பச்சை விளக்குகளுக்கு இடையே ஆண்கள் விரைந்து நடக்க வேண்டும் என்ற அடுத்த வரி காதில் ஏறாமலே கடந்துவிட்டது. ஸஃயை அவர் சரியாக எண்ணினார். பச்சை விளக்கு எதற்கு என்று கேட்டால் தெரியவில்லை. ஒரு குழப்பத்தை நீக்கப்போய், மற்றொன்றை உண்டாக்கியிருந்தோம்.

இரண்டாம் திருத்தத்தில் சொல்லையே மாற்றினோம். தவாஃபுக்குச் சுற்று, ஸஃயுக்கு நடை. “ஏழு நடை நடக்க வேண்டும். ஸஃபாவிலிருந்து மர்வாவுக்குப் போவது ஒன்று. மர்வாவிலிருந்து ஸஃபாவுக்கு வருவது இரண்டு. ஏழாவது நடை மர்வாவில் முடியும். முடியும்போது நீங்கள் ஸஃபாவில் நின்றால் எண்ணிக்கை தவறியிருக்கிறது.” கடைசி வாக்கியம் அங்கே சென்றபின் தம்மைத் தாமே சரிபார்க்கும் அளவுகோலாக அமைந்தது.

மூன்றாவதாக ஒரு குழப்பம். இது முகத்தில் தெரியாத வகை. மதரசா சமையற்கூடத்தில் பணிபுரியும் லாத்தா ஒருவர் உரை முழுவதையும் தலையசைத்தபடியே கேட்டார். “புரிந்ததா?” என்றிருந்தால், “நல்லாப் புரிஞ்சிச்சு ஹஜ்ரத்” என்றே சொல்லியிருப்பார், ஓதிக்கொடுப்பவரின் முகத்துக்கு நேரே வேறு எவர்தான் என்ன சொல்வார்? ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, “வீட்டிலிருந்து புறப்படுவது முதல் நீங்கள் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்” என்றோம். அவர் சொன்னார்: “ஆம்பளைங்க இஹ்ராம் கட்டிக்கிடுவாங்க. பொம்பளைங்களுக்கு அது கிடையாதுல்ல, நாங்க நேரா கஅபாவுக்குப் போயிடுவோம்.”

நாம் அதிர்ந்தோம். “மீகாத்தைக் கடக்குமுன் இஹ்ராம் கட்டிக்கொள்ள வேண்டும்” என்று எழுதி, அடுத்த வரியிலேயே ஆண்களின் இரு வெள்ளைத் துணிகளைப் பற்றிச் சொல்லியிருந்தோம். துணியின் பெயரே இஹ்ராம் என்று அவர் முடிவு செய்ததில் வியப்பென்ன? பெண்கள் வழக்கமான உடையிலேயே நிய்யத் வைத்து இஹ்ராமில் நுழைவார்கள் என்பது நமக்குத் தெரியும். நம் தாளில் அது இல்லை. “இஹ்ராம் என்பது துணியின் பெயரன்று. நிய்யத்தின் மூலம் நாம் நுழையும் நிலையின் பெயர். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது உண்டு” என்ற வரிகள் அந்த லாத்தாவின் கொடை.

“பாமரர்கள் கவனமாகக் கேட்பதில்லை; அதற்கு நாம் என்ன செய்வது?” என்று கேட்கும் உலமாக்களிடம் மரியாதையுடன் ஒன்று கேட்கிறோம். தையற்கடை பாய் கவனமின்றியா நடந்தார்? நாம் சொன்ன சொல்லுக்கு நாம் கொடுத்த பொருளையே அவர் கடைப்பிடித்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு செய்தியைச் சொன்னால், அது விளங்கிக்கொள்ளப்படும்வரை மும்முறை திருப்பிச் சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை நாம் புகாரியில் ஓதிக்கொடுக்கிறோம். விளங்கச் செய்யும் பொறுப்பு சொல்பவரிடம் இருக்கிறது என்பதை அந்தப் பாடத்தோடு விட்டுவிடலாமா?

வேறு சிலர் மறுகோடிக்குச் செல்கிறார்கள். “மக்களுக்குப் புரிந்தால் போதும், ஆலிம்கள் எதற்கு?” என்கிறார்கள். இதுவும் பிழை. உரை விளங்குகிறதா என்பதைத்தான் கேட்பவர் காட்டுவார். அது சரியா என்பதை அவரால் சொல்ல இயலாது. பிழையான சட்டமும் மிகத் தெளிவாக விளங்கக்கூடும். ஆகவே முதலில் ஆலிம், பிறகு கேட்பவர், திருத்தியபின் மீண்டும் ஆலிம். எளிமைப்படுத்தும்போது சட்டம் நழுவிவிடக் கூடாதல்லவா?

ஒருவரை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். திருத்திய உரையைத் தையற்கடை பாயிடமே மீண்டும் வாசித்திருந்தால், அவர் பிழையின்றி நடந்திருப்பார். ஏனெனில், இப்போது அவர் அறிந்தவர். அவருடைய அறியாமையே நமக்குத் தேவையாயிருந்தது. அது முதல் வாசிப்பிலேயே செலவாகிவிட்டது. நமக்கு மொத்தம் நால்வர் தேவைப்பட்டார்கள்: இளைஞர் அல்லாத இரண்டு ஆண்கள், ஒரு பெண், இறுதியில் எழுத்தறியாத ஒரு மூதாட்டி. அந்த மூதாட்டி முக்காலியை ஏழுமுறை சரியாகச் சுற்றி, தூண்களுக்கிடையே ஏழு நடை நடந்து, “மர்வாவில்தானே நிற்கிறேன்?” என்று கேட்ட பிறகே பதிவு செய்தோம்.

நாம் இழந்தது நான்கு மாலைப் பொழுதுகள். முந்திய உரையை அப்படியே அனுப்பியிருந்தால், எத்தனை முதியவர்கள் பதினான்கு நடை நடந்து கால் வீங்கியிருப்பார்கள்? எத்தனை பெண்கள் நிய்யத் இன்றி மீகாத்தைக் கடந்திருப்பார்கள்? அவர்களில் ஒருவரும் நம்மிடம் வந்து முறையிட்டிருக்க மாட்டார்கள்; தாம் தவறினோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த மௌனத்தை நாமும் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்போம்.

அடுத்த உரையைப் பதிவு செய்யுமுன், அதைக் காணாத ஒருவரை எதிரே அமர்த்துங்கள். அவர் தடுமாறும்போது விளக்காதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். வல்ல ரஹ்மான் நம் நாவுகளில் தெளிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.