வஹீ வராத ஊரில் அநியாயம் எப்படித் தெரியும்?

வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மவரில் சிலர் ஒரு வாதத்தை எடுத்து வைக்கிறார்கள். "அவர்களிடம் ஷரீஅத் இல்லை. ஹலால் ஹராம் தெரியாதவர்களிடம் நீதியை எதிர்பார்த்தது நமது மடமை" என்கிறார்கள். கொஞ்சம் கிதாபு படித்தவராக இருந்தால் இதற்கு அகீதாவிலிருந்து ஆதாரமும் தருவார். நன்மை தீமையை மனித அறிவு தானாக அறியாது, வஹீ வந்துதான் அறிவிக்க வேண்டும் என்பது அஷ்அரி இமாம்களின் முடிவு என்பார். நாமோ ஷாஃபிஈ மத்ஹபினர், அகீதாவில் அஷ்அரிகள். ஆகவே பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

முடியக் கூடாது என்பதே என் கட்சி. இந்த வாதம் இமாம்கள் சொல்லாததை அவர்கள் பேரில் ஏற்றுகிறது. அத்தோடு நம்முடைய வழக்கையும் நம் கையாலேயே தள்ளுபடி செய்கிறது.

முதலில் வழக்கைப் பார்ப்போம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒலிபெருக்கி அறிவிப்பால் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. வீடும் கடையும் நிலமும் பின்னால் நின்றன. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். இது அநியாயம் என்று இன்றுவரை சொல்லி வருகிறோம். யாரிடம் சொல்கிறோம்? தமிழரிடமும் சிங்களவரிடமும் உலகத்தாரிடமும் சொல்கிறோம். அவர்களுக்கு அநியாயம் என்றால் என்னவென்று தெரியவே தெரியாது என்றால், நாம் முப்பது வருடத்துக்கு மேலாகச் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்றல்லவா ஆகிறது?

இனி இமாம்களிடம் போவோம். 'ஹுஸ்ன்', 'குப்ஹ்', அதாவது நல்லது, கெட்டது என்ற சொற்களுக்கு மூன்று பொருள் உண்டு என்று இமாம் ஃபக்ருத்தீன் ராஸி போன்றவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, நிறைவும் குறையும்: கல்வி நல்லது, அறியாமை கெட்டது என்பது போல. இரண்டு, மனிதனின் தேவைக்கும் இயல்புக்கும் பொருந்துவதும் பொருந்தாததும்: நீதி இனிக்கிறது, கொடுமை நோகிறது. மூன்று, செய்தவனுக்கு அல்லாஹ்விடம் கூலியா தண்டனையா என்பது. முதல் இரண்டையும் அறிவு அறியும் என்பதில் அஷ்அரிகளுக்கும் அவர்களின் எதிரணியான முஃதஸிலாக்களுக்கும் தகராறு இல்லை. சண்டை மூன்றாவதில் மட்டும்தான். மேடையில் பேசுகிறவர் மூன்றாவதற்குச் சொன்ன பதிலைத் தூக்கி மூன்றுக்கும் போர்த்திவிடுகிறார்.

அந்தச் சண்டையை இமாம்கள் ஒரு கேள்வியில் வைத்து நடத்தினார்கள். இன்னும் எந்த நபியின் தூதும் வந்து சேரவில்லை. ஒருவன் முன்னால் ஒரு மரம், அதில் பழம். அவன் அதைத் தின்னலாமா?

கூடாது என்றார்கள் ஒரு சாரார். உலகம் அல்லாஹ்வின் உடைமை. பிறர் உடைமையை அனுமதி இல்லாமல் தொடுவது தவறு என்பது அறிவுக்கே தெரியும் என்பது அவர்கள் வாதம். பக்தாத் முஃதஸிலாக்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம். இரண்டாம் சாரார் தின்னலாம் என்றார்கள். உடையவனுக்கு இதனால் நட்டமில்லை. ஒருவருடைய மதில் நிழலில் ஒதுங்குவதற்கும் அவர் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் நடப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா? பழத்தில் இனிப்பை வைத்தவன் தின்பதற்கே வைத்திருப்பான் என்றார்கள். பஸராவின் முஃதஸிலாக்கள் இந்தப் பக்கம். மூன்றாம் சாரார் பதிலையே நிறுத்தினார்கள். தூது வரும்வரை அல்லாஹ்வின் தீர்ப்பு இதுவென்று சொல்ல நமக்கு வழியில்லை என்றார்கள். இது இமாம் அஷ்அரியின் நிலை. தூதரை அனுப்பாமல் தண்டிப்பதில்லை என்ற பொருளில் வரும் 17ஆம் சூராவின் 15ஆம் வசனம் அவர்களுக்குப் பெரிய ஆதாரம்.

மேடைப் பேச்சாளர் சொல்லாத செய்தி ஒன்று இங்கே உண்டு. நம்முடைய ஷாஃபிஈ முன்னோர்கள் இந்த மூன்று அணியிலும் இருந்தார்கள். ஹிஜ்ரி 306இல் மறைந்த இப்னு ஸுரைஜ் தின்னலாம் என்ற பக்கம். 345இல் மறைந்த இப்னு அபீ ஹுரைரா கூடாது என்ற பக்கம். அபூ அலீ அத்தபரி தீர்ப்பை நிறுத்தியவர்களோடு நின்றார். 'நம் மத்ஹபின் முடிவு' என்று ஒரே வாயில் சொல்லிவிட முடியாத விஷயம் இது.

இப்போது ஒஸ்மானியா மைதானத்து உத்தரவை அந்த மூவர் முன்னாலும் வைத்துப் பார்ப்போம். முதலாமவர் பிறர் உடைமையைத் தொட்டதாலேயே தவறு என்பார். இரண்டாமவர் பழத்தைத் தின்ன விட்டதே யாருக்கும் நட்டமில்லை என்பதால்தான். எழுபத்தையாயிரம் பேர் வீடிழக்கும் இடத்தில் அந்த அனுமதிக்கு இடமே இல்லை. மூன்றாமவர் என்ன சொல்வார்? தூது சென்றடையாதவனை மறுமையில் அல்லாஹ் தண்டிப்பான் என்று நான் சொல்ல மாட்டேன் என்பார். அவ்வளவுதான். விரட்டப்பட்டவனுக்கு நோகவில்லை என்றோ விரட்டியவனுக்கு அந்த நோவு தெரியாது என்றோ அவர் சொல்லவில்லை. அல்லாஹ்வின் தண்டனையைப் பற்றி வாயடக்கியவரை, மனிதனின் மனச்சாட்சி இல்லை என்பதற்குச் சாட்சியாக இழுப்பது பெரிய அநீதி.

ஆனால் எதிரணியின் பலமான வாதத்தை மறைத்துவிட்டு வெல்வது நேர்மையல்ல. இமாம் கஸ்ஸாலி தம் 'அல்முஸ்தஸ்ஃபா'வில் முஃதஸிலாக்களை மடக்குகிறார். அறிவுக்குத் தானாகவே தெரியும் விஷயமென்றால் அதில் அறிவுள்ளவர்கள் ஏன் பிணங்குகிறார்கள் என்று கேட்கிறார். மதமே இல்லாதவன் கூட நீரில் மூழ்குகிறவனைக் காப்பாற்றுகிறானே என்றால், தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கும் இரக்கத்தால் காப்பாற்றுகிறான் என்கிறார். பாம்பு கடித்தவன் புள்ளி விழுந்த கயிற்றைக் கண்டும் நடுங்குவது போல, பழக்கத்தை நாம் அறிவென்று நினைத்துக்கொள்கிறோம் என்கிறார். அவருடைய கூரிய அம்பு வேறொன்று. மனிதன் தன் நோக்கத்துக்கு ஒத்ததை நல்லது என்கிறான்; பிறகு 'எனக்கு' என்ற சொல்லை மறந்து, எல்லாருக்கும் நல்லது என்று சத்தியம் செய்கிறான்.

இந்த அம்பு சரியான இடத்தில் தைக்கிறது. 1990இல் விரட்டியவர்களிடமும் காரணம் இருந்தது. பாதுகாப்பு என்றார்கள், கிழக்கில் நடந்தவை என்றார்கள். அறிவு அவர்களிடம் இல்லாமலில்லை. அது தன் தரப்புக்குக் கணக்கெழுதியது. அறிவு எங்கே கெடுகிறது என்று கண்டுபிடிக்கவும் கஸ்ஸாலியிடமிருந்தே ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். விழுங்கிய அந்த 'எனக்கு' என்ற சொல்லை வெளியே எடுத்து, பெயர்களை மாற்றிப் போட்டு வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். 'பாதுகாப்புக்காகத் தமிழர் அனைவரும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும்' என்று ஒருவன் உத்தரவிட்டால் அவர்கள் ஒப்பியிருப்பார்களா?

அதே அளவுகோலை நம் பக்கமும் திருப்ப வேண்டும். அதே 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நம்மவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் தஞ்சமடைந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது குற்றஞ்சாட்டப்படுகிறது. காத்தான்குடியை நினைவுகூரும் நம் எழுத்தில் வீரமுனைக்கு எத்தனை வரி இருக்கிறது? நம்மிடம் வஹீ இருக்கிறது. இருந்தும் நமக்கு அது தெரியவில்லையென்றால், ஷரீஅத் இல்லாததுதான் அவர்களுடைய குறை என்ற வாதம் எங்கே போய் நிற்கிறது?

அயலவரின் அறிவுக்கும் சாட்சி உண்டு. நாங்கள் வெளியேறிய அன்று நான் சிறுவன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மதிலடியில் நின்று அழுதது நினைவிருக்கிறது. அது இரக்கம், தீர்ப்பல்ல என்று கஸ்ஸாலியின் மாணவர் சொல்லலாம். ஆனால் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பு இந்த வெளியேற்றத்தைத் தன் அறிக்கைகளில் கண்டித்தது. அந்த அமைப்பின் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதன் பிறகும் எழுதினார்கள். தம் இனத்துக்கு ஒத்துவராததை, உயிருக்கு ஆபத்தான வேளையில், தவறென்று எழுதுவதை வெறும் பழக்கம் என்றோ தன்னலம் என்றோ எப்படிச் சொல்வது?

இன்னும் பெரிய சாட்சி ஸீராவில் இருக்கிறது. நபித்துவத்துக்கு முந்திய மக்கா. யமனின் ஸபீத் கோத்திரத்து வியாபாரி ஒருவரிடம் ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுத்தான். வெளியூர்க்காரருக்கு அங்கே கோத்திர பலமில்லை. அவர் அபூ குபைஸ் மலையில் ஏறி நின்று முறையிட்டார். குறைஷியரில் சில கோத்திரத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, உள்ளூரானோ வெளியூரானோ அநியாயம் செய்யப்பட்டவன் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அவருடைய பணமும் கிடைத்தது. அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் இருந்த பெருமானார் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னும் அப்படியோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் போவேன் என்ற கருத்தில் பிற்காலத்தில் சொன்னதாக அறிவிக்கப்படுகிறது.

நபி ஏற்றுக்கொண்டதால்தான் அது நன்மையாயிற்று என்று பதில் வரும். நல்லது, கூலிக்குரிய நன்மையாயிற்று. ஆனால் ஏற்றுக்கொள்ள முன்னால் அங்கே ஏதோ இருந்திருக்க வேண்டுமே. சிலை வணங்கிய மனிதர்கள், தம் ஊர்ப் பெரியவனுக்கு எதிராக, அந்நியனுக்காக ஏன் கூடினார்கள்? உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம் எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படும் என 81ஆம் சூரா சொல்லும்போது, முதன்முதலில் அதைக் கேட்டவர்களின் முகம் கறுத்திருக்காவிட்டால் அந்தக் கேள்விக்கு வலுவேது?

ஸமர்கந்தின் இமாம் மாதுரீதி வழி வந்தவர்கள் நடுவே ஒரு பாதை போட்டார்கள். செயலின் நன்மை தீமையை அறிவு காண்கிறது. கடமையாக்குபவனும் தண்டிப்பவனும் அல்லாஹ் மட்டுமே. கண் பாதையைக் காட்டுகிறது, ஆனால் கண் அரசனல்ல. நான் இந்தப் பக்கம் சாய்கிறேன். சாயாதவர் அஷ்அரியாகவே இருக்கட்டும், குறையில்லை. ஆனால் அஷ்அரி வாயடக்கிய இடத்தில் அவரும் வாயடக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் மறுமையில் என்னவாவார் என்பது நம் கணக்கல்ல. அவருக்கு அநியாயம் தெரியும் என்று நம்பித்தான் நாம் வழக்குச் சொல்கிறோம். அவரும் வீரமுனையைச் சொல்லி நம்மிடம் அதே நம்பிக்கையோடுதான் வருவார். அப்போது கிதாபைத் தூக்கிக் காட்டித் தப்ப முடியாது.