இரவில் திக்கும் கேமரா
மூன்று தளக் குடியிருப்பு ஒன்று. தளத்துக்கு 16 என மொத்தம் 48 ஐ.பி. கேமராக்கள். பகலில் எல்லாம் தெளிவாக ஓடுகின்றன. இரவானால் மேல் இரண்டு தளங்களின் காட்சிகள் மட்டும் திக்கித் திக்கி நின்றுவிடுகின்றன. கேமராவில்தான் கோளாறா? கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்.

ஒரு கேமரா பகலில் விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் படத்தில் புள்ளிகள் பெருகும். அதைச் சுருக்குவது கடினம் என்பதால், அளவு 4 மெகாபிட் வரை ஏறும். ஒரு தளத்துக்கு 64 மெகாபிட்.

இங்கே மூன்றாம் தள ஸ்விட்ச் இரண்டாம் தளத்துடனும், அது கீழ்த்தளத்துடனும் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே கீழே இறங்கும் ஒயரில் 32 கேமராக்களின் சுமை. பகலில் 64, இரவில் 128 மெகாபிட். ஒயர் செருகியிருப்பதோ 100 மெகாபிட் போர்ட்டில்!

ஸ்விட்ச்களை இணைக்கும் ஒயர்களை கிகாபிட் போர்ட்டுக்கு மாற்றினால் நெரிசல் தீரும். ஒயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் கிகாபிட் வேகம் கிடைக்காது; பழையபடி 100-க்கு இறங்கிவிடக்கூடும்.

கடைசியாக, பதிவுக் கருவி. 48 கேமராக்களுக்கும் சேர்த்து 192 மெகாபிட் வரும். கருவியின் உள்வாங்கும் திறன் 160 என்றிருந்தால் போதாது. கொஞ்சம் கூடுதல் இடம் விட்டு, 250-க்குக் குறையாததாகப் பார்த்து வாங்குவதே நல்லது.