மூன்று மணி அளவைப் பார்க்காமல் இன்சுலினைக் கூட்டாதீர்கள்

வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியிருந்தால் இரவு இன்சுலினை இரண்டு யூனிட் கூட்டினால் போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். காலை அளவு, இரவில் நடந்ததைச் சொல்லாது.

இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் படுக்கும்போது 140, காலை 7 மணிக்கு 220. அதிகாலை 3 மணிக்கு ஒருவருக்கு 135. விடியலில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசோலும் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியேற்றுகின்றன; அதற்கு ஈடான இன்சுலின் இவரிடம் இல்லை. இதுதான் விடியல் நிகழ்வு. இவருக்கு மருத்துவர் மருந்தைக் கூட்டலாம், நேரத்தை மாற்றலாம்.

மற்றவருக்கு அதே 3 மணிக்கு 55. தாழ்ந்த சர்க்கரையை உடல் எதிர்த்ததால் காலையில் ஏறியிருக்கலாம். இதையே சோமோகி விளைவு என்கிறார்கள். தொடர் கண்காணிப்புக் கருவிகள் வந்தபின், இரவில் தாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலும் அளவு குறைவாகவே இருப்பது தெரிந்தது. ஆகவே இந்த விளைவு அரிது. ஆனால் காரணம் எதுவானாலும், 55-இல் இருப்பவருக்கு இன்சுலினைக் கூட்டுவது ஆபத்து. குறைக்க வேண்டியவர் அவர்.

3 மணிக்கே 200-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் இரண்டுமில்லை. இரவு உணவோ போதாத மருந்தோ காரணமாக இருக்கலாம்.

ஓர் இரவு போதாது. 1 மணிக்குத் தாழ்ந்து 3 மணிக்குள் மீண்டிருக்கலாம். சில இரவுகள் அளந்து, வியர்வை, கெட்ட கனவு, காலைத் தலைவலி ஆகியவற்றையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.